மஞ்சள் டாலர் வந்ததும் ரிவ்யூ பட்டனை அழுத்திவிடாதீர்கள்

தீக்காயம் பட்ட முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் பதினான்கு நிமிட வீடியோ அது. காயத்தை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவது, கொப்புளத்தை உடைக்காமல் இருப்பது, ஒட்டாத துணியால் மூடுவது என்று எல்லாம் பயனுள்ள விஷயங்கள். எடிட்டிங் முடிந்ததும் இரவு ஏழு மணிக்கு நேராகப் பப்ளிக் போட்டோம். காலையில் பார்த்தால் பார்வைகள் வழக்கத்தைவிட வேகமாக ஏறியிருந்தன. ஆனால் யூடியூப் ஸ்டூடியோவில் வீடியோவுக்குப் பக்கத்தில் இருந்த டாலர் குறி மஞ்சளாக இருந்தது. மூன்று நாள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, அதே அளவு பார்வை கிடைத்த முந்தைய வீடியோ சம்பாதித்ததில் எட்டில் ஒரு பங்குதான் இதற்கு வந்திருந்தது. வயிறு எரிந்தது. உயிர் காக்கும் தகவலைச் சொன்னதற்குத் தண்டனையா என்றுதான் முதலில் தோன்றியது. அது தண்டனை இல்லை, அந்த வீடியோவில் உண்மையாகவே இருந்த சில விஷயங்களுக்கான கணக்கு என்று புரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பச்சை என்றால் பெரும்பாலான விளம்பரதாரர்களின் விளம்பரம் வரலாம். மஞ்சள் என்றால் விளம்பரம் குறைவாக வரும், அல்லது வரவே வராது. சிவப்பு என்றால் பெரும்பாலும் காப்புரிமைக் கோரிக்கை, அது முற்றிலும் வேறு பிரச்சினை, அதற்கு வழியும் வேறு. சமூக விதிமுறை மீறலும் வேறு. அதில் வீடியோவே நீக்கப்படும், ஸ்ட்ரைக்கும் வரலாம். மஞ்சள் வந்த வீடியோ தளத்தில் இருக்கத் தகுதியான வீடியோதான், யாரும் அதை நீக்கச் சொல்லவில்லை. இதில் யாருடைய பொருளை விற்க முடியும் என்பது மட்டும்தான் அங்கே கேள்வி.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கோபம் பாதி குறையும். 2017 மார்ச்சில், தீவிரவாத வீடியோக்களின் பக்கத்தில் தங்கள் விளம்பரம் ஓடுவதைப் பார்த்த பெரிய நிறுவனங்கள் பல, யூடியூப்பில் விளம்பரத்தை நிறுத்திவைத்தன. அதன் பிறகுதான் இந்த விதிகள் இறுகின. இன்று கூகுள் ஆட்ஸில் விளம்பரம் கொடுப்பவர், எந்த மாதிரி வீடியோக்களில் தன் விளம்பரம் வரலாம் என்று மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: விரிவானது, வழக்கமானது, கட்டுப்படுத்தப்பட்டது. குழந்தை சோப்பு விற்பவருக்கு, ரத்தம் தெரியும் வீடியோவை ஒதுக்கிவைக்க எல்லா உரிமையும் உண்டு. மஞ்சள் குறியின் அர்த்தம், இப்படி ஒதுங்குபவர்கள் அதிகம் என்பதுதான். ஒதுங்காதவர்கள் கொஞ்சம் பேர் மிச்சம் இருப்பார்கள், அதனால்தான் மஞ்சளிலும் கொஞ்சம் காசு வருகிறது. யூடியூப் பிரீமியம் சந்தாதாரர்கள் பார்த்ததற்கான பங்கும் வந்துகொண்டே இருக்கும்.

மஞ்சளைப் பார்த்ததும் கை தானாகப் போகும் இடம் `Request review` என்ற பட்டன். தயவுசெய்து அப்போது அதை அழுத்தாதீர்கள். முதலில் மஞ்சள் போடுவது பெரும்பாலும் தானியங்கி முறை. டைட்டில், தம்ப்நெயில், டிஸ்கிரிப்ஷன், டேக், படம், ஒலி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அது ஒரு முடிவெடுக்கிறது. அந்த முடிவு பின்னால் மாறலாம். ரிவ்யூ கேட்டால் விதிகள் தெரிந்த ஒரு மனிதர் வீடியோவைப் பார்த்து முடிவு சொல்வார். அவர் சொன்னதுதான் கடைசி, அதே வீடியோவுக்கு இரண்டாவது முறை கேட்க முடியாது. அதாவது உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அரைகுறையான வீடியோவை அவர் முன்னால் வைத்தால் தற்காலிக மஞ்சள் நிரந்தர மஞ்சள் ஆகிவிடும். இது எனக்கு அந்தக் காலை தெரியாது. பட்டனை அழுத்தும் நிலைக்குப் போய், வேறு வேலை வந்ததால்தான் விட்டேன். அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அழித்துவிட்டு மறுபடி அப்லோட் செய்யலாமா என்றும் யோசித்தோம். வேண்டாம். பார்வைகள், கமெண்ட்கள், லிங்க் எல்லாம் போகும். வீடியோவுக்குள் இருப்பது மாறாதபோது, புது வீடியோவுக்கும் அதே மஞ்சள்தான் வரும்.

அடுத்த வேலை, விதியை வார்த்தை வார்த்தையாகப் படிப்பது. யூடியூப்பின் விளம்பரதாரருக்கு உகந்த உள்ளடக்க விதிகள் என்ற பக்கத்தில் கெட்ட வார்த்தை, வயதுவந்தோர் விஷயம், வன்முறை, அதிர்ச்சி தரும் காட்சி, போதைப்பொருள், துப்பாக்கி, வெறுப்புப் பேச்சு, சர்ச்சைக்குரிய விஷயங்கள் என்று தலைப்பு தலைப்பாக இருக்கும். பலர் இந்தத் தலைப்புப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு, "ரத்தம்னு சொன்னாலே மஞ்சள் போட்டுடுவாங்க" என்று முடிவுகட்டி, வார்த்தைகளுக்கு நடுவில் நட்சத்திரம் போடுகிறார்கள். விஷயம் அந்தத் தலைப்புகளுக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் எது முழு விளம்பரத்துக்குத் தகுதி, எது குறைந்த விளம்பரத்துக்கு, எதற்கு விளம்பரமே கிடையாது என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். ஒரே விஷயம் மூன்று இடத்திலும் வரும். எந்த அளவுக்கு, எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு நெருக்கமாகக் காட்டினீர்கள் என்பதை வைத்து இடம் மாறும்.

எங்கள் வீடியோவுக்குப் பொருந்தியது அதிர்ச்சி தரும் காட்சி என்ற பகுதி. அதன் சாரத்தைச் சொல்கிறேன். மருத்துவச் செயல்முறையைக் கற்றுத்தரும் வீடியோவில், கவனம் செயல்முறையின் மேல் இருந்து, ரத்தமோ காயமோ கொஞ்ச நேரம் தெரிந்தால் முழு விளம்பரம் வரலாம். அதே கல்வி வீடியோவில் கவனம் செயல்முறையை விட்டு உடல் பாகத்தின் மேலும் கசியும் திரவத்தின் மேலும் போய் நின்றால் குறைந்த விளம்பரம். சூழலே இல்லாமல் அதிர்ச்சிக்காக மட்டும் காட்டினால் விளம்பரம் இல்லை. "கல்விக்காகத்தானே" என்று நான் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன், அந்த வாதத்தை விதியே ஏற்கெனவே கணக்கில் எடுத்திருந்தது. கல்வி நோக்கம் இருந்தால் போதாது, கேமரா எங்கே போய் நிற்கிறது என்பதும் முக்கியம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வீடியோவை முதல் முறை பார்ப்பவர் மாதிரி பார்த்தேன். முதலில் தம்ப்நெயில். தோல் உரிந்த கையின் நெருக்கமான படம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பார்வை வேகமாக ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் தண்ணீர்க் குழாய் இல்லை, கட்டு இல்லை, காயத்தைத் தவிர எதுவும் இல்லை. பதினான்கு நிமிடமும் செயல்முறையைச் சொல்லும் வீடியோவின் முகப்பில் செயல்முறையே இல்லை. தம்ப்நெயிலும் டைட்டிலும் வீடியோவோடு சேர்த்தே மதிப்பிடப்படும் என்று விதியில் தெளிவாக இருக்கிறது. உள்ளே எவ்வளவு நிதானமாகப் பேசியிருந்தாலும் முகப்பு தனியாகவே உங்களை மஞ்சளுக்குத் தள்ளிவிடும். டைட்டில் "தோல் உரிந்து தொங்கியது! இந்தத் தப்பை மட்டும் செய்யாதீங்க". அதுவும் அதே பாவம்தான்.

அடுத்து ஆரம்பம். முதல் ஒன்பது நொடி, கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டும் நடிப்புக் காட்சி, கூடவே ஒரு அலறல். நடிப்பு என்று எங்களுக்குத் தெரியும், பார்ப்பவருக்குப் பத்தாவது நொடியில்தான் தெரியும். அதன் பிறகு ஒரு நிமிடம் பத்தாவது நொடியில் நிஜக் காயத்தின் நெருக்கமான காட்சி, பின்னணியில் ஒரு இழுவை இசையோடு பதினோரு நொடி. பதினோரு நொடி அங்கே எதற்கு என்று யோசித்தேன். இரண்டாம் நிலைத் தீக்காயம் எப்படி இருக்கும் என்று அடையாளம் காட்ட மூன்று நொடி போதும். மிச்சம் எட்டு நொடியில் எந்தப் பாடமும் இல்லை. எடிட் செய்யும்போது அந்தக் காட்சி "பவர்ஃபுல்லா" இருக்கிறது என்றுதான் விட்டிருந்தோம். விதியில் உள்ள கோடு இந்த எட்டு நொடியின் வழியாகத்தான் போகிறது. உங்கள் வீடியோவிலும் இப்படித்தான் தேடுங்கள்: ஒவ்வொரு கடினமான காட்சியிலும், பார்ப்பவருக்கு வேண்டிய தகவல் எந்த நொடியில் முடிகிறது, அதன் பிறகு காட்சி எவ்வளவு நேரம் நீள்கிறது என்று குறித்துவையுங்கள்.

பதினோராவது நிமிடத்தில் கட்டு மாற்றும் காட்சியில் ரத்தம் தெரிந்தது. அதை நாங்கள் தொடவே இல்லை. கை என்ன செய்கிறது என்பதுதான் அங்கே படம். ரத்தம் வந்து போகிறது. எல்லாவற்றையும் மங்கலாக்கிவிட்டால் வீடியோவின் பயனே போய்விடும், விதியும் அதைக் கேட்கவில்லை.

திருத்தங்களை ஸ்டூடியோவிலேயே செய்யலாம், மறு அப்லோட் தேவையில்லை. டைட்டிலையும் தம்ப்நெயிலையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். புதுத் தம்ப்நெயிலில் குழாய்த் தண்ணீருக்கு அடியில் ஒரு கை, பக்கத்தில் "20 நிமிடம்" என்ற எழுத்து. டைட்டில் "தீக்காயம் பட்டதும் முதல் அரை மணி நேரம்: செய்ய வேண்டியதும் கூடாததும்". ஸ்டூடியோ எடிட்டரில் வெட்டும் வசதி இருக்கிறது, குறிப்பிட்ட பகுதியை மங்கலாக்கும் வசதியும் இருக்கிறது. அலறல் காட்சியை முழுதாக வெட்டினோம், நெருக்கக் காட்சியில் எட்டு நொடியை எடுத்தோம். சேமித்த பிறகு வீடியோ மறுபடி தயாராகச் சில மணி நேரம் ஆகும், அதுவரை பழைய வடிவம்தான் ஓடும். பார்வைகளும் கமெண்ட்களும் லிங்கும் அப்படியே இருக்கும். வெட்டிய பகுதிக்கு நடுவில் புதிதாக எதையும் சேர்க்க மட்டும் வழியில்லை, அதனால் வாக்கியம் பாதியில் அறுந்துபோகாத இடமாகப் பார்த்து வெட்டுங்கள்.

ஒரு தவறு இதற்கும் முன்னால் நடந்திருந்தது. அப்லோட் செய்யும்போது `Ad suitability` என்ற பகுதியில் ஒரு கேள்விப் பட்டியல் வரும். வன்முறை இருக்கிறதா, அதிர்ச்சி தரும் காட்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கடைசியில் `None of the above` என்று ஒரே தட்டில் தாண்டிப் போகவும் வழி இருக்கிறது. அவசரத்தில் அதைத் தட்டியிருந்தோம். காயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் நாமே மஞ்சளைக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளின் உள்ளே போனால்தான், காயம் கல்விச் சூழலில் கொஞ்ச நேரம் தெரிகிறது என்பது மாதிரியான மென்மையான தேர்வுகள் இருப்பது தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தாலும் பச்சை கிடைக்கலாம். ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே காயம் இருந்தால், நீங்கள் சொன்னதும் அவர்கள் கண்டதும் முரண்படும். உங்கள் பதில்கள் எவ்வளவு சரியாக இருக்கின்றன என்று யூடியூப் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. தொடர்ந்து சரியாகப் பதில் சொல்லும் சேனலின் பதிலுக்குத் தானியங்கி முடிவைவிட அதிக மதிப்பு கொடுக்கிறது. அதனால் ஒரு வீடியோவில் சொல்லும் பொய், அடுத்த பத்து வீடியோவுக்கும் செலவு வைக்கும்.

கேள்விப் பட்டியலையும் திருத்தினோம். ஒரு நாள் காத்திருந்தோம், நிறம் தானாக மாறவில்லை. அதன் பிறகுதான் ரிவ்யூ கேட்டோம். முடிவு சில மணி நேரத்திலும் வரலாம், ஒரு வாரமும் ஆகலாம். எங்களுக்கு இரண்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது, குறி பச்சையானது. மகிழ்ச்சிதான், ஆனால் கணக்கு வேறு கதை. மஞ்சளில் ஓடிய நாட்களில் காட்டப்படாத விளம்பரத்துக்குப் பின்னால் யாரும் காசு தரமாட்டார்கள். எங்கள் வீடியோக்களுக்கு முதல் மூன்று நாளில்தான் பார்வைகள் குவியும், பிறகு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மஞ்சளில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால், அந்த வீடியோவின் அறுவடைக் காலம் மொத்தமும் போயிருந்தது. பச்சை வந்தது அறுவடை முடிந்த வயலுக்கு.

இதனால் நாங்கள் மாற்றிக்கொண்டது ஒரே பழக்கம். இப்போது எந்த வீடியோவையும் நேராகப் பப்ளிக் போடுவதில்லை. குறைந்தது ஒரு நாள் முன்பே பிரைவேட்டாக ஏற்றி, இறுதி டைட்டிலையும் இறுதித் தம்ப்நெயிலையும் அப்போதே போட்டு, கேள்விப் பட்டியலை உள்ளே போய் நிரப்புகிறோம். இறுதி என்பதை அழுத்திச் சொல்கிறேன். தற்காலிகமாக வெள்ளைப் பின்னணியில் ஒரு தம்ப்நெயில் போட்டுப் பச்சை வாங்கிவிட்டு, வெளியிடும்போது காயப் படத்துக்கு மாற்றினால் பழையபடி மஞ்சளாகலாம், ஏனென்றால் சோதனை ஒரு முறையோடு முடிவதில்லை. அப்லோட் படிகளில் வரும் சோதனைப் பகுதியில் காப்புரிமையும் விளம்பரத் தகுதியும் பார்க்கப்படும், பெரும்பாலும் விரைவாகவே முடிந்துவிடும். மஞ்சள் வந்தால் யாருமே பார்க்காத நிலையில் அமைதியாகத் திருத்தலாம், ரிவ்யூவும் அப்போதே கேட்கலாம், ஒரு பார்வைகூட வீணாகாது.

மஞ்சள்தானா, வேறு காரணமா என்று சந்தேகம் வந்தால் அனலிட்டிக்ஸில் வருமானப் பகுதிக்குப் போங்கள். மொத்தப் பார்வைகளையும், விளம்பரத்தோடு ஓடிய பார்வைகளின் மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மற்ற வீடியோக்களில் இருக்கும் விகிதம் இதிலும் இருந்து காசு மட்டும் குறைவு என்றால், அது விளம்பர விலை இறங்கிய காலம், வீடியோவில் குறை இல்லை. விகிதமே சரிந்திருந்தால்தான் விளம்பரம் ஒதுங்குகிறது என்று அர்த்தம். வயது வரம்பு போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வயது வரம்பு விழுந்த வீடியோவுக்கு விளம்பரம் குறையும், அதை நீக்காமல் தம்ப்நெயிலை மாற்றிப் பயனில்லை.

விதிகள் நிலையாக நிற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கெட்ட வார்த்தை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவின் ஆரம்ப நொடிகளில் அது வந்தால் விளம்பரம் குறையும் என்று 2022 நவம்பரில் இறுக்கினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2023 மார்ச்சில் கொஞ்சம் தளர்த்தினார்கள், 2025 ஜூலையில் முதல் ஏழு நொடியில் கடுமையான வார்த்தை வந்தாலும் முழு விளம்பரம் கிடைக்கலாம் என்று மாற்றினார்கள். டைட்டிலிலும் தம்ப்நெயிலிலும் வந்தால் இன்றும் மஞ்சள்தான். ஒரு வருடத்துக்கு முன் யாரோ சொன்ன ஆலோசனையை வைத்து எடிட் செய்யாமல், அந்தப் பக்கத்தைப் படப்பிடிப்புக்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள்.

எல்லா வீடியோவையும் பச்சையாக்க முடியாது, ஆக்கவும் கூடாது என்பது என் கருத்து. சில காயங்களை அடையாளம் கண்டால்தான் பார்ப்பவர் சரியான நேரத்தில் மருத்துவமனைக்குப் போவார். மின்சாரத் தீக்காயம் அப்படித்தான். வெளியே சிறிய கரும்புள்ளி மாதிரி தெரியும், உள்ளே சேதம் பெரிதாக இருக்கும். அதைப் பற்றி அடுத்து எடுத்த வீடியோவில், மின்சாரம் உள்ளே போன இடமும் வெளியே வந்த இடமும் நெருக்கமாகத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. மங்கலாக்கினால் பாடமே இல்லை. அதனால் அந்தக் காட்சியை மட்டும் தனியாக நாற்பது நொடி வீடியோவாக்கி, கேள்விப் பட்டியலில் உள்ளதை உள்ளபடி சொல்லி, மஞ்சள் வரும் என்று தெரிந்தே வெளியிட்டோம். முக்கிய வீடியோவில் அந்த இடத்துக்கு ஒரு வரைபடம் வைத்து, டிஸ்கிரிப்ஷனில் சின்ன வீடியோவின் லிங்கைக் கொடுத்தோம். சின்னது இன்றும் மஞ்சளில்தான் இருக்கிறது. பெரியது பிரைவேட்டாக இருந்தபோதே பச்சை வாங்கிவிட்டது.